கூகுள் ஆல்பத்தில் இருக்கும் படங்களைக் கடையில் பிரிண்ட் போடுவதற்கு முன்

மயிலாப்பூரில் ஒரு வீட்டில் அறுபதாம் கல்யாணம் முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர், தாங்கள் எடுத்ததையும் தங்களுக்கு வந்ததையும் ஒரே கூகுள் போட்டோஸ் ஷேர்டு ஆல்பத்தில் போட்டிருக்கிறார்கள். மொத்தம் 140 படம், 6 வீடியோ. இதில் நூறு படத்தை 4×6 அளவில் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் செருக வேண்டும். எட்டுப் படம் 8×12 ஆக வேண்டும். தம்பதியைச் சுற்றிப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிற்கும் ஒரே ஒரு படத்தை 12×18 ஆக்கி ஹாலில் மாட்ட வேண்டும்.

போனில் புரட்டிப் பார்த்தால் 140 படமும் பளிச்சென்றுதான் தெரியும். ஏமாறுகிற இடம் அதுதான். பெரும்பாலான போன்களின் திரை 1080 பிக்சல் அகலம். போனை நிமிர்த்திப் பிடித்து, படுக்கைவாட்டில் எடுத்த படத்தைப் பார்க்கும்போது அந்தப் படம் முழுவதும் 1080 புள்ளிக்குள் அடங்கிவிடுகிறது. 4000 பிக்சல் அகலப் படமும் 1600 பிக்சல் அகலப் படமும் அந்தத் திரையில் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் காகிதத்தில்தான் வெளியே வரும், அதுவும் காசு கொடுத்த பிறகு.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு படத்திலும் உண்மையில் எத்தனை பிக்சல் மிச்சம் இருக்கிறது?

ஒரு வகுத்தல் கணக்கு

படத்தின் நீளமான பக்கத்தில் எத்தனை பிக்சல் என்று பாருங்கள். அதை, பிரிண்டின் நீளமான பக்கம் எத்தனை அங்குலமோ அதால் வகுங்கள். வரும் எண்தான் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி விழும் என்பது.

கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு 300 வந்தால் மிக நன்று. 200 வந்தாலும் பெரும்பாலோர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 150க்குக் கீழே போனால் புடவைக் கரையும் தலைமுடியும் குழைய ஆரம்பிக்கும். 100க்குக் கீழே முகமே மெழுகு பூசினதுபோல ஆகிவிடும். சுவரில் மாட்டி நான்கடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு 150 போதும். ஆனால் வீட்டு ஹாலில் மாட்டுகிற குடும்பப் படத்தை யாரும் நான்கடி தள்ளி நின்று பார்ப்பதில்லை. கிட்டே வந்து "இது யாரு, நம்ம ரேவதியா?" என்று விரல் வைத்துத்தான் கேட்பார்கள். அதனால் குரூப் படத்துக்கு 200ஐயே குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வது நல்லது.

இதன்படி, கடைக்காரர்கள் மேக்ஸி என்றும் சொல்லும் 4×6க்கு 1800×1200 பிக்சல் இருந்தால் 300 வந்துவிடும். அது வெறும் 2 மெகாபிக்சல் சொச்சம். 12×18க்கு அதே 300 வேண்டுமென்றால் 5400×3600 தேவை, அதாவது 19 மெகாபிக்சலுக்கு மேல். சாதாரண போன் படம் 12 மெகாபிக்சல். ஆனாலும் 4000 பிக்சலை 18 அங்குலத்தால் வகுத்தால் 222 வருகிறது. தாராளமாகப் போதும்.

எம்பி அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே போனில், ஒரே பிக்சல் கணக்கில் எடுத்த இரண்டு படங்களில் வெள்ளைச் சுவர் முன்னால் நிற்கும் படம் ஒன்றரை எம்பியாகவும், பட்டுப் புடவையும் பூமாலையும் மாவிலைத் தோரணமும் நிறைந்த படம் 6 எம்பியாகவும் இருக்கலாம். நுணுக்கம் கூடக் கூட ஃபைல் பெருக்கும். ஃபைல் விவரத்தில் 72 டிபிஐ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அது ஃபைலோடு ஒட்டிய ஒரு குறிப்பு மட்டுமே. காகிதத்தின் அளவை முடிவு செய்த பிறகு நாம் போட்ட வகுத்தல்தான் உண்மையான கணக்கு.

பிக்சல் எங்கே தொலைகிறது

கேமரா 12 மெகாபிக்சலில் எடுத்தது, ஆல்பத்துக்கு வரும்போது 2 மெகாபிக்சலாக இருப்பது எப்படி? பாதி நேரம் கூகுள்மேல் தப்பு இல்லை. படம் அங்கே வருவதற்கு முன்னாலேயே இளைத்திருக்கும்.

முதலில் பேக்கப் தரம். கூகுள் போட்டோஸ் செயலியில் உங்கள் முகப்படத்தைத் தட்டி, Photos settings, Backup, Backup quality என்று போனால் எந்தத் தரத்தில் ஏறுகிறது என்று தெரியும். Original quality என்றால் கேமரா எடுத்தது அப்படியே. Storage saver என்றால் இரண்டு வேலை நடக்கும்: 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படம் 16க்குச் சுருக்கப்படும், அதற்குக் கீழே உள்ள படத்தின் பிக்சல் எண்ணிக்கை அப்படியே இருக்கும், ஆனால் ஃபைல் இறுக்கிக் கட்டப்படும். 4 எம்பி படம் 2 எம்பியாக வந்து நிற்பது சகஜம். 12 மெகாபிக்சல் படத்துக்கு இதனால் பிரிண்டில் பெரிய நஷ்டம் இல்லை. 4×6இல் கண்டுபிடிக்கவே முடியாது. 50 மெகாபிக்சல் மோடில் எடுத்த படம்தான் இங்கே அடிபடும். அதிலும் 16 மெகாபிக்சல் மிஞ்சுகிறது, 12×18க்குத் தாங்கும்.

சிலருடைய போனில் Express என்று இன்னொரு தரம் இருக்கும். அது எல்லாப் படத்தையும் 3 மெகாபிக்சலுக்கு இறக்கிவிடும். ஏறத்தாழ 2048×1536. 4×6க்கு 341 புள்ளி, அருமை. 8×12க்கு 171, தேறும். 12×18க்கு 114, வேண்டாம். ஐபோன்காரர்கள் ஐகிளவுடில் போடும் ஷேர்டு ஆல்பமும் இதே கதைதான்: நீளமான பக்கம் 2048 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். சொந்த ஐகிளவுட் லைப்ரரியில் முழு அளவு பத்திரமாக இருக்கும், ஷேர் பண்ணின பிரதிதான் சின்னது.

எல்லாவற்றுக்கும் மேலான குற்றவாளி வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பும் படம் நீளவாக்கில் 1600 பிக்சலுக்கு இறங்கிவிடும். HD என்று தேர்ந்தெடுத்தால் ஏறத்தாழ 4000 வரை போகும், ஆனாலும் இறுக்கிக் கட்டித்தான் அனுப்பும். குடும்ப குரூப்பில் வந்த படத்தைச் சேமித்து, அதை ஒருவர் கூகுள் ஆல்பத்தில் Original quality என்று ஏற்றினாலும், ஏறுவது அந்த 1600 பிக்சல்தான். ஒரிஜினல் என்ற பெயரில் ஜெராக்ஸ்.

இதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் ஃபைலின் பெயர். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் வழி வந்த படம் இப்படி இருக்கும்:

```
IMG-20250310-WA0031.jpg
```

நடுவில் WA என்று இருந்தால் அது கைமாறி வந்தது. இன்னொரு அறிகுறியும் உண்டு. வாட்ஸ்அப் படத்துக்குள் பதிந்திருக்கும் எடுத்த நேரத்தை உதிர்த்துவிடும். அதனால் காலையில் நடந்த கலசாபிஷேகம், இரவு யாரோ ஃபார்வர்டு பண்ணின நேரத்தில், ஆல்பத்தின் கடைசியில் போய் உட்கார்ந்திருக்கும். வரிசை தப்பி நிற்கிற படத்தைப் பார்த்தாலே சந்தேகப்படலாம்.

நம் 140 படத்தை எண்ணிப் பார்த்தால்

கணினியில் உலாவியைத் திறந்து photos.google.com போய், ஆல்பத்தில் ஒரு படத்தைத் திறந்து, மேலே உள்ள வட்டமிட்ட i பொத்தானை அழுத்துங்கள். ஃபைல் பெயர், மெகாபிக்சல், நீள அகல பிக்சல் எல்லாம் பக்கத்தில் வரும். ஒவ்வொருவர் போட்டதிலும் ஒன்றிரண்டு பார்த்தால் போதும், ஒருவர் போட்டது பெரும்பாலும் ஒரே வார்ப்பாகத்தான் இருக்கும்.

நம் கற்பனை ஆல்பத்தில் நிலவரம் இப்படி. மகளின் ஐபோனிலிருந்து 40 படம், 4032×3024, ஹெச்இஐசி வகை. மருமகன் 45 படம், Storage saver, 4000×3000. பேரன் 20 படம்; திரை முழுக்கத் தெரிய வேண்டும் என்று 16:9 வைத்து எடுத்திருக்கிறான், 4000×2250. அத்தை 10 படம், Express, 2048×1536. மும்பைச் சித்தப்பா 25 படம் போட்டிருக்கிறார், அத்தனையும் குரூப்பில் வந்தவை, 1600×1200, ஒவ்வொன்றும் கால் எம்பி.

4×6 போடும் நூற்றுக்கு இதில் எதை எடுத்தாலும் தப்பில்லை. சித்தப்பாவின் 1600ஐ 6ஆல் வகுத்தாலும் 267 வருகிறது. "வாட்ஸ்அப் படமா, பிரிண்ட் போடவே முடியாது" என்று சொல்வது மிகை. சின்ன அளவில் நன்றாகவே வரும். எட்டு 8×12 படங்களை மகள், மருமகன், பேரன் மூவர் போட்டதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: 4000ஐ 12ஆல் வகுத்தால் 333. பேரனின் 16:9 படத்தில் மட்டும் இரு ஓரமும் வெட்டுப்பட்டு 281 வரும், அதுவும் போதும்.

சிக்கல் அந்த ஒற்றைப் படத்தில். எல்லாரும் கண்ணைத் திறந்துகொண்டு கேமராவைப் பார்க்கிற ஒரே குரூப் படம் சித்தப்பா போட்டதில் இருக்கிறது. 1600ஐ 18ஆல் வகுத்தால் 89. இன்னும் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு வரிசையில் 15 பேர் நின்றால் ஒருவருக்கு 107 பிக்சல் இடம். அதில் முகம் 40 பிக்சல் அகலம் இருந்தால் அதிகம். கண், புருவம், நெற்றிக் குங்குமம், மூக்குத்தி எல்லாம் அந்த நாற்பதுக்குள் அடங்க வேண்டும். அடங்காது. மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்கினால் பிக்சல் எண்ணிக்கை கூடும், இல்லாத மூக்குத்தி வந்துவிடாது. இதே படம் 4000 பிக்சலில் இருந்தால் அதே முகத்துக்கு 100 பிக்சல் கிடைக்கும்.

அப்போது செய்ய வேண்டியது, அந்தப் படத்தை முதன்முதலில் எடுத்தவர் யார் என்று தேடுவது. குடும்ப குரூப்பில் மேலே போய்ப் பார்த்தால் யார் அனுப்பினார் என்று இருக்கும். அவரிடம், "அந்தப் படத்தை கேலரியிலிருந்து டாக்குமெண்டா அனுப்புங்க மாமா, போட்டோவா வேண்டாம்" என்று கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கிளிப் குறியைத் தட்டி Document வழியாக அனுப்பினால் ஃபைலை அது தொடாது, கேமரா எடுத்தது அப்படியே வரும். அவரே போன் இடம் போதவில்லை என்று கூகுள் போட்டோஸில் Free up space கொடுத்திருந்தால் போனில் ஒரிஜினல் இருக்காது. கிளவுடில் எந்தத் தரத்தில் ஏறியதோ அதுதான் இனி. Storage saver என்றால்கூட நமக்குப் போதும் என்பதை மேலே பார்த்தோம்.

டவுன்லோடில் கோட்டை விடாமல்

ஆல்பத்தில் முழு பிக்சல் இருந்தும், இறக்குகிற விதத்தில் பாதியை இழப்பவர்கள் உண்டு. ஸ்கிரீன்ஷாட் எடுப்பது ஒன்று. அது உங்கள் திரை அளவு படம், மேலே பேட்டரி குறியோடு. இன்னொன்று அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது: கணினியில் படத்தின்மேல் வலது கிளிக் செய்து Save image as கொடுப்பது. உலாவி உங்கள் திரைக்குத் தேவையான அளவில் ஒரு சின்னப் பிரதியைத்தான் கூகுளிடம் கேட்டு வாங்கியிருக்கிறது. சேமிக்கப்படுவது அந்தப் பிரதி. ஆகவே எப்போதும் மூன்று புள்ளி மெனுவில் உள்ள Download, அல்லது விசைப்பலகையில் Shift + D.

மூன்று புள்ளி மெனுவில் Download all என்றும் இருக்கும். அழுத்துவதற்கு முன் ஒரு நிமிடம். அது வீடியோக்களையும் சேர்த்தே இறக்கும். நம் ஆல்பத்தில் படங்கள் மட்டும் ஏறத்தாழ 240 எம்பி: மகளுடையது 80, மருமகனுடையது 90, பேரனுடையது 60, மற்ற இருவருடையதும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு. ஆறு வீடியோ மட்டும் ஒன்றரை ஜிபியைத் தாண்டலாம். நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் போன் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்குகிறவர்களுக்கு, நாதஸ்வர வீடியோ பாதி இறங்கும்போது அன்றைய டேட்டா முடிந்துவிடும். பாதியில் நின்ற ஜிப் ஃபைல் பெரும்பாலும் திறக்காது.

எனவே தேவையான படங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். முதல் படத்தின் மூலையில் உள்ள வட்டத்தை டிக் செய்து, Shift விசையை அழுத்திக்கொண்டு கடைசிப் படத்தைக் கிளிக் செய்தால் நடுவில் உள்ளதெல்லாம் தேர்வாகும். வேண்டாததை எடுத்துவிட்டு Shift + D. எல்லாம் ஒரே ஜிப்பாக வரும். ஐம்பது ஐம்பதாக இறக்கினால், இணைப்பு அறுந்தாலும் அந்த ஐம்பதை மட்டும் மறுபடி இறக்கினால் போதும்.

கூகுள் டேக்அவுட் வழியாகவும் ஆல்பத்தை எடுக்கலாம். 1 ஜிபி, 2 ஜிபி, 4 ஜிபி என்று துண்டின் அளவைக் கேட்கும். ஆனால் அது மொத்தக் கணக்கையும் பேக்கப் எடுக்கிறவர்களுக்கான வழி. படத்தோடு json ஃபைல்களும் வந்து நிறையும், எடிட் செய்த படத்துக்கு edited என்ற பெயரோடு தனிப் பிரதியும் வரும். இரண்டையும் கடையில் கொடுத்தால் இரண்டையும் போட்டுக் காசு வாங்குவார்கள். நூறு படத்துக்கு டேக்அவுட் வேண்டாம்.

இறக்கியதும் ஜிப்பைப் பிரித்து ஒரு ஃபோல்டரில் வைத்து, விண்டோஸில் Details தோற்றத்துக்கு மாற்றுங்கள். மேலே நெடுவரிசைத் தலைப்பில் வலது கிளிக் செய்து More, அதில் Dimensions டிக் செய்தால் எல்லாப் படத்தின் பிக்சல் அளவும் ஒரே பார்வையில் தெரியும். நூறு படத்தை ஒவ்வொன்றாகத் திறக்கும் வேலை மிச்சம். அந்தப் பட்டியலில் 1600×1200 என்று இருப்பவை 4×6க்கு மட்டும் என்று அங்கேயே ஒதுக்கிவிடலாம்.

மகளின் ஹெச்இஐசி படங்கள் இன்னும் பாக்கி. பல கடைகளின் கணினியில் அவை திறக்காது, திறந்தாலும் பிரிண்டர் மென்பொருள் ஏற்காது. அவற்றை ஜேபெக் ஆக்கித்தான் எடுத்துப்போக வேண்டும். விண்டோஸ் போட்டோஸ் செயலியில் திறந்து Save as கொடுத்து .jpg என்று தேர்ந்தெடுக்கலாம், மேக்கில் Preview வழியாக Export செய்து தரத்தை உச்சத்துக்கு அருகில் வைக்கலாம். படம் ஐகிளவுட் லைப்ரரியிலேயே இருக்குமானால் icloud.com தளத்தில் இறக்கும்போதே Most Compatible என்று கேட்டால் ஜேபெக்காகவே வந்துவிடும். மாற்றிய பிறகு ஃபைல் ஏறத்தாழ இரண்டு மடங்கு பெருக்கும். அதனால் படத்தின் தரம் கூடிவிட்டது என்று எண்ண வேண்டாம், பெட்டிதான் பெரிது.

தலை வெட்டுப்படுவது ஏன்

பிக்சல் சரியாக இருந்தும் பிரிண்ட் பாழாகிற இன்னொரு இடம் வடிவம். போன் கேமரா 4:3 விகிதத்தில் எடுக்கிறது. 4×6, 8×12, 12×18 மூன்றும் 3:2. 4000×3000 படத்தைக் காகிதம் நிறையப் போட வேண்டுமானால் உயரத்தில் 333 பிக்சல் போயே தீர வேண்டும். ஒன்பதில் ஒரு பங்கு. மேலே கொஞ்சம் கீழே கொஞ்சம் என்று மெஷின் வெட்டும். தலைக்கு மேல் இடம் விடாமல் எடுத்த குரூப் படத்தில் பின்வரிசைக்காரர் தலையும் முன்வரிசைக்காரர் கால்விரலும் காணாமல் போவது இதனால்தான். பேரனின் 16:9 படத்தில் வெட்டு எதிர்ப்பக்கம் விழும்: 4000இல் 625 பிக்சல் இட வலமாகப் போகும். ஓரத்தில் நிற்கும் இருவர் அவுட்.

கடையில் இதை இப்படித்தான் கேட்பார்கள்:

"ஃபுல் பேப்பர் போடவா, பார்டர் விட்டுப் போடவாம்மா?"

"பார்டர் விட்டா என்ன ஆகும்ணா?"

"படம் முழுசா வரும், ரெண்டு சைடும் வெள்ளை வரும். ஃபுல்னா தலை கட் ஆனா என்னைக் கேக்கக் கூடாது."

அவர் சொல்வது முழுக்க நியாயம். நூறு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து நகர்த்தி வெட்ட அவருக்கு நேரம் கிடையாது. மெஷின் நடுவிலிருந்துதான் வெட்டும். எதை வெட்டலாம் என்பது வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே நெருக்கமாக எடுத்த பத்துப் பதினைந்து படங்களை மட்டும் நீங்களே கணினியில் 3:2 விகிதத்தில் வெட்டி, தனிப் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் போட்டோஸ் செயலியின் Crop பகுதியில் இந்த விகிதம் இருக்கிறது. மேலே ஓரங்குலம் காலியாக இருக்கும் மற்ற படங்களைத் தொட வேண்டாம்.

அதிகம் பேர் கவனிக்காத ஒரு வழி உண்டு. 6×8 என்ற அளவு சரியாக 4:3. போன் படம் ஒரு பிக்சலும் வெட்டுப்படாமல் அதில் உட்காரும். 4×6ஐவிடக் காசு கூடும், செருகும் ஆல்பமும் பெரிதாக வேண்டும். குரூப் படங்களுக்கு மட்டுமாவது அது தகும். அதே கணக்கில்தான் ஹாலில் மாட்டும் படமும். மாமாவிடமிருந்து வந்த 4000×3000 படத்தை 12×18 ஆக்கினால் 222 புள்ளியும் வெட்டுப்பட்ட கால்களும் கிடைக்கும். 12×18 காகிதத்திலேயே 12×16 படமாகப் போட்டு, இரு பக்கமும் மிஞ்சும் ஓரங்குலத்தை வெட்டித் தரச் சொன்னால் 250 புள்ளி, ஒரு தலையும் போகாது. ஃபிரேம் கடையில் மட்டும் 12×16 என்று அளவை மறக்காமல் சொல்ல வேண்டும்.

ஓரம் இல்லாமல் போடும் பிரிண்டில் விளிம்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மெஷினே உள்வாங்கிக்கொள்ளும். வெட்டும்போது காதை ஒட்டி வெட்டாமல் அந்த அளவுக்கு இடம் விடுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும் ஃபோல்டர்

கவுண்டரில் நின்று "இது ரெண்டு காப்பி, இது ஒண்ணு, அந்தப் படம் பெருசு" என்று காட்டிக்கொண்டிருந்தால் தப்பு நடப்பது நிச்சயம். அளவையும் எண்ணிக்கையையும் ஃபோல்டர் பெயரிலேயே எழுதிவிடுங்கள்:

```
4x6_1copy
4x6_3copy
8x12_1copy
12x16_1copy
```

மூன்று காப்பி வேண்டிய படத்தை மூன்று முறை நகல் எடுத்து வைக்க வேண்டாம், எண்ணும்போது குழப்பம் வரும். பிரிண்ட் ஃபைல் பெயர் வரிசையில்தான் வரும். ஐந்து போனின் பெயர்கள் கலந்திருப்பதால், சுமங்கலிப் பிரார்த்தனைக்கு நடுவில் சாப்பாட்டுப் பந்தி வந்து நிற்கும். நிகழ்ச்சி வரிசையில் ஆல்பம் வேண்டுமென்றால் பெயர்களை 001, 002 என்று தொடங்கும்படி மாற்றிவிடுங்கள்.

"வாட்ஸ்அப்ல அனுப்புங்க, போட்டுடறேன்" என்று கடையில் சொல்லக்கூடும். இத்தனை வேலைக்குப் பிறகு அங்கே போட்டோவாக அனுப்பினால் மறுபடி 1600. டாக்குமெண்டாக அனுப்பலாம், நூறு படத்துக்கு அது தொல்லை. பென் டிரைவ்தான் வசதி. அதில் இந்த ஃபோல்டர்களைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது: வீட்டுப் பத்திரம், ஆதார் நகல் எதுவும். நாளெல்லாம் ஊரார் பென் டிரைவ் செருகும் கணினி அது. ஃபோல்டர்களை ஷார்ட்கட்டாக மாற்றிவைக்கும் வைரஸ் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். திரும்பி வந்ததும் அதை ஃபார்மேட் செய்துவிடுங்கள். கடைக் கணினியில் உங்கள் கூகுள் கணக்கைத் திறப்பது வேண்டவே வேண்டாம். லிங்க்தான் வேண்டுமென்றால் இந்த ஃபோல்டர்களை மட்டும் டிரைவில் ஏற்றி அதன் லிங்கைக் கொடுங்கள். முழு ஆல்பத்தின் லிங்க் போனால் குடும்பப் படம் அத்தனையும் போகும்.

நூறையும் ஒரேயடியாகப் போடச் சொல்லாமல், மூன்று படம் மட்டும் முதலில் கேளுங்கள்: மண்டபத்துக்குள் மஞ்சள் விளக்கில் எடுத்தது ஒன்று, வெளியே வெயிலில் எடுத்தது ஒன்று, சித்தப்பாவின் வாட்ஸ்அப் படம் ஒன்று. போன் திரை தானே ஒளிவிடுவது. காகிதம் அப்படி இல்லை. அதனால் உள்ளே எடுத்த படங்கள் எதிர்பார்த்ததைவிட இருட்டாகத்தான் வரும். வீட்டிலேயே திரையின் வெளிச்சத்தைப் பாதிக்கு இறக்கிப் பார்த்தால் எது இருட்டடிக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். மாதிரியில் முகம் சிவந்தோ வெளுத்தோ இருந்தால், மெஷினில் ஆட்டோ கலர் திருத்தம் ஓடுகிறதா என்று கேட்டு, அதை நிறுத்தி இன்னொன்று போடச் சொல்லிப் பார்க்கலாம்.

கடைசியாகக் கிளாசியா மேட்டா என்பார்கள். செருகும் ஆல்பத்துக்கு எதுவும் சரி. ஹாலில் மாட்டும் படத்துக்கு மேட். சென்னைக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, கண்ணாடியோடு நேராக ஒட்டி நிற்கும் கிளாசி பிரிண்ட் நாளடைவில் அதிலேயே பிடித்துக்கொள்ளும். பிரித்தெடுக்கப் போனால் முகத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். மேட் போட்டாலும், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுண்ட் அட்டை வைத்துக் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லி ஃபிரேம்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.